வடகடல் தட்டையாகக் கிடந்தால் யோசித்து இறங்குங்கள்: துடுப்புப் பலகைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மண்டபத்தில் நின்றால் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிலத்தை நடந்தே கடந்துவிடலாம். மீனவர்கள் ஒன்றை வடகடல் என்கிறார்கள், மற்றதைத் தென்கடல் என்கிறார்கள். வரைபடத்தில் வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. பெரும்பாலான நாட்களில் இவற்றில் ஒன்று குமுறிக்கொண்டிருக்கும், இன்னொன்று குளம் மாதிரிக் கிடக்கும். நின்றபடி துடுப்புப் போடும் பலகையோடு மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ முதல்முறை வருகிறவர், குளம் மாதிரிக் கிடக்கும் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். நானும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

அது ஒரு ஜூன் மாதக் காலை. அரியமான் பக்கம், சவுக்குத் தோப்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். பலகையில் ஏறி நின்று நாலு போடு போட்டதுமே, "இவ்வளவுதானா?" என்று தோன்றிவிட்டது. கால்மணி நேரத்தில் நன்றாக உள்ளே போய்விட்டேன். திரும்பலாம் என்று பலகையைக் கரைப்பக்கம் திருப்பியபோதுதான், அதுவரை என்னைக் கொண்டுபோனது என் கை இல்லை, முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று என்று தெரிந்தது. அந்தக் கதையின் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். எந்தக் காற்றில், எந்த நீர்மட்டத்தில், காலில் என்ன கட்டிக்கொண்டு இறங்குவது, எப்படி விழுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. துடுப்பை அழகாகப் போடுவதை யாரிடமும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் காற்று

நம் கடற்கரையில் காற்றுக்குப் பெயர் உண்டு. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பது கச்சான். நவம்பரிலிருந்து ஜனவரி தாண்டி வரைக்கும் வடக்கு, வடகிழக்கிலிருந்து வருவது வாடை. காற்றின் பெயர் எப்போதும் அது எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான். செயலியில் 'தென்மேற்கு' என்று இருந்தால் காற்று தென்மேற்கிலிருந்து கிளம்பி வடகிழக்கே போகிறது என்று அர்த்தம். புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். தேவிபட்டினத்திலிருந்து பிரப்பன்வலசை, அரியமான் வழியாக மண்டபம் வரும் கரை வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. கச்சான் அங்கே நிலத்தைத் தாண்டி வந்து கடலுக்குள் இறங்குகிறது. அலையை எழுப்பக் காற்றுக்குத் தண்ணீரின் மேல் ஓடுவதற்கு நீண்ட தூரம் வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லாததால் அலை இல்லை. கூடவே சவுக்கும் பனையும் காற்றை மறைத்துவிடுகின்றன. ஆக, நீங்கள் நிற்கும் இடத்தில் காற்றும் தெரியாது, அலையும் தெரியாது. இருநூறு, முந்நூறு மீட்டர் தாண்டியதும் மரங்களின் மறைப்பு முடிந்துவிடும். முழுக்காற்றும் முதுகில் இறங்கும். வாடைக் காலத்தில் இதே கதை கண்ணாடியில் பார்த்த மாதிரி தென்கடலில் நடக்கும். மண்டபத்தின் தென்கரை தட்டையாக இருக்கும், காற்று உங்களைத் தீவுகள் இருக்கும் பக்கமாகத் தள்ளும்.

அதனால் கரைக்கு வந்ததும் பலகைக்குக் காற்றடிக்கும் முன்னால் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஒரு பிடி காய்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் அது போகும் திசை தெரியும். அதைவிட நல்ல சாட்சி நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளங்கள். ஒற்றைக் கயிற்றில் நிற்கும் படகின் அணியம், அதாவது முன்மூக்கு, பெரும்பாலும் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கும். படகுகளெல்லாம் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அன்று நீங்கள் இறங்கக் கூடாது. தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். கரையோரம் பளபளப்பாகவும், தூரத்தில் கருநீலமாகச் சுருங்கியும், இன்னும் தள்ளி வெள்ளை நுரை தலைகாட்டியும் இருந்தால், அங்கே அடிக்கும் காற்று இங்கே உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

எவ்வளவு காற்று வரைக்கும் போகலாம்? என் கணக்கு இது. கரையை நோக்கியோ, கரைக்குச் சாய்வாக உள்நோக்கியோ வரும் காற்று 8 நாட் வேகத்துக்குள் (மணிக்கு 15 கிலோமீட்டர்) இருந்தால் புதியவர் இறங்கலாம். 8-லிருந்து 12 நாட் வரை, திசை நல்லதாக இருந்து, பழகியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டும். 12 நாட்டுக்கு மேல், அதாவது 22 கிலோமீட்டருக்கு மேல், எந்தத் திசையானாலும் வேண்டாம். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 6 நாட் என்றாலும் இறங்காதீர்கள். காற்று நிரப்பிய பலகை தண்ணீருக்கு மேல் உயரமாக மிதக்கும், அதன் மேல் நிற்கும் நீங்கள் ஒரு பாய்மரம்.

பழகுவதற்கு நல்ல காலம் மார்ச், ஏப்ரல். அப்புறம் கச்சான் அடங்கி வாடை பிடிக்காத அக்டோபர் நாட்கள், அதுவும் மழையும் இடியும் இல்லாத காலையாகப் பார்த்து. இந்த மாதங்களில் விடிந்து இரண்டு மூன்று மணி நேரம் காற்று சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடல்காற்று கிளம்பிக் கரையை நோக்கி வரும். பிரச்சினை வந்தாலும் உங்களைக் கரையில் கொண்டுவந்து போடும் காற்று அது. ஆறரைக்கு இறங்கி ஒன்பதுக்குக் கரையேறிவிடுங்கள்.

இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் எச்சரிக்கையை முதல்நாள் இரவே பார்த்துவிடுங்கள். தென்கடல் பக்கத்துக்குக் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால், உள்ளூரில் காற்றே இல்லாவிட்டாலும் இறங்க வேண்டாம். அந்த அலை தெற்கே வெகு தூரத்துப் பெருங்கடலில் பிறந்து வருவது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் எத்தனையாம் எண் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல் ரூமிலேயே இருங்கள்.

நீர்மட்டம்

ராமநாதபுரத்தில் ஏற்ற வற்றம் பெரிதில்லை. குஜராத் பக்கம் போல கடல் கிலோமீட்டர் கணக்கில் ஓடிப்போகாது. அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குக் குறைவுதான். "அப்படியானால் கவலை எதற்கு?" என்று கேட்கலாம். வடகடலின் தரை அவ்வளவு தட்டை என்பதுதான் காரணம். பல இடங்களில் நூறு மீட்டர் நடந்தாலும் முழங்கால் ஆழம்தான். அங்கே அரை மீட்டர் தண்ணீர் இறங்கினால் நீங்கள் மிதந்த இடம் மணல்திட்டாகவோ பாசி படிந்த பாறையாகவோ ஆகிவிடும்.

பலகையின் அடியில் நடுவே ஃபின் என்ற தகடு ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட, 9 அங்குலம், கீழே நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல வேகத்தில் போகும்போது அது தரையில் தட்டினால் பலகை அப்படியே நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். தலை முன்னால், முழங்கால் ஆழத் தண்ணீரில், கீழே பாறை. இங்கே புதியவர்கள் படும் மோசமான அடி ஆழத்தில் வருவதில்லை, இப்படித்தான் வரும். அதனால் அடித்தரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு ஆழம் குறைந்தால் முழங்காலிடுங்கள். இன்னும் குறைந்தால் இறங்கிப் பலகையைத் தள்ளிக்கொண்டு நடங்கள். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே போங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு பட்டதும் விலகிப் போய்விடும், மிதித்தால்தான் முள்ளால் குத்தும். ரப்பர் அடியுள்ள பழைய காலணி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

நேரம் பார்ப்பது எளிது. ஒரு நாளைக்குச் சுமாராக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பன்னிரண்டரை மணி நேரம் போல ஆகும், அதனால் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். இன்று காலை ஏழுக்கு ஏற்றம் முழுசாக இருந்தால் நாளை ஏழேமுக்கால், எட்டுக்கு. பாம்பனுக்கான அட்டவணை செயலிகளில் கிடைக்கும். ஆனால் காற்று பலமாக இருக்கும் நாளில் இந்தக் கடலில் அட்டவணை கொஞ்சம் பொய் சொல்லும். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "தண்ணி ஏறுதாண்ணே, வத்துதா?" என்று கேட்டால் அரை நொடியில் சொல்லிவிடுவார். ஏற்றம் பாதி வந்த நேரத்தில் இறங்கி, வற்றம் தொடங்கும்போது கரைக்கு வருவதுதான் புதியவருக்கு ஏற்றது. நீங்கள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் காலடியில் தண்ணீர் இருக்கும்.

ஏற்ற வற்றத்தோடு சேர்த்து நீரோட்டம் ஒன்று உண்டு. மீனவர்கள் நீவாடு என்பார்கள். திறந்த கரையில் இது மெதுவானது, சாதாரணத் துடுப்பால் சமாளிக்கலாம். ஆனால் இரண்டு கடலும் ஒன்றையொன்று தொடும் இடுக்குகளில் கதையே வேறு. பாம்பன் பாலத்துக்கு அடியில் மேலிருந்து பார்த்தாலே தண்ணீர் ஆறு மாதிரிச் சுழித்து ஓடுவது தெரியும். தூண்களில் சிக்கினால், பலகையைக் காலோடு கட்டியிருக்கும் கயிறான லீஷே உங்களுக்கு எமனாகும். பாலத்தைப் பின்னணியில் வைத்துப் படம் எடுக்க ஆசைப்பட்டுப் பலர் கேட்பார்கள். கரையில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். அரிச்சல்முனையும் அப்படித்தான், இரண்டு கடலின் ஓட்டமும் அலையும் அங்கே மோதுகின்றன. தென்கடலில் மண்டபத்துக்கு எதிரே தெரியும் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. மொத்தம் 21 தீவுகள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று போய் இறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். சுற்றிப் பவளப்பாறை, விழுந்தால் தோல் உரியும், உங்களால் பாறையும் உடையும்.

லீஷ்

பலகையையும் உங்கள் காலையும் இணைக்கும் கயிறுதான் லீஷ். வாடகைக்கு எடுக்கும்போது இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், நிறையப் பேர் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் "எனக்கு எதுக்கு?" என்பார்கள். நீங்கள் விழுந்த நொடியில் உங்கள் எடை பலகையிலிருந்து போய்விடுகிறது. பத்துக் கிலோ சொச்சமுள்ள, காற்று நிரப்பிய, ஆளை விட நீளமான ஒரு பொருள் தண்ணீரின் மேல்தளத்தில் தனியாக நிற்கிறது. 10 நாட் காற்றில் அது நழுவிக்கொண்டே போகும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஒரு கையில் துடுப்பையும் பிடித்துக்கொண்டு நீந்தும் உங்களால் அதைப் பிடிக்க முடியாது. துடுப்பை விட்டுவிட்டு நீந்தினால் ஒருவேளை பிடிக்கலாம், அப்புறம் எதை வைத்துத் திரும்புவீர்கள்?

லீஷில் இரண்டு வகை. ஒன்று பழைய லேண்ட்லைன் ஃபோன் வயர் போலச் சுருள், இன்னொன்று நேர்க்கயிறு. வடகடலின் தட்டைத் தண்ணீருக்குச் சுருள் நல்லது. பலகையின் மேலேயே கிடக்கும், தண்ணீரில் இழுபடாது, பாசியிலும் வலையிலும் மாட்டாது. அலை உடையும் இடத்துக்கு நேர்க்கயிறு. அலை பலகையை இழுத்துக்கொண்டு போய் விடும்போது சுருள், வில் மாதிரிப் பலகையை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். நீளம் பலகையின் நீளம் அளவு, பத்தடிப் பலகைக்குப் பத்தடி.

சோதிப்பது இப்படி. பலகையோடு இணைக்கும் சின்னக் கயிற்று முடிச்சை இழுத்துப் பாருங்கள், நைந்திருந்தால் வேறு கேளுங்கள். கால்பட்டையின் வெல்க்ரோவில் மணல் அடைத்திருக்கிறதா என்று பார்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள், மணல் இருந்தால் கரையில் ஒட்டிக்கொள்ளும், கடலில் பிரிந்துவிடும். பட்டைக்குப் பக்கத்தில் கயிறு சுழலும் உலோகக் கண்ணி சுழல்கிறதா, அதையொட்டிய பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். லீஷ் அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கடைசியில் பட்டையைக் காலில் கட்டிவிட்டு ஒரு காலால் பலகையை அழுத்திக்கொண்டு லீஷைப் பலமாக இழுங்கள். கழன்றால் இங்கேயே கழலட்டும்.

கணுக்காலில் கட்டலாம், முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலிலும் கட்டலாம். கயிறு காலின் வெளிப்பக்கமாகப் பின்னால் போக வேண்டும், உள்பக்கமாக வந்தால் அதையே மிதித்து விழுவீர்கள். இன்னொன்று. மண்டபம் சுற்றுவட்டாரத்தில் மூங்கிலைச் சதுரமாகக் கட்டிப் பாசி வளர்க்கும் மிதவைகள் வரிசையாகக் கிடக்கும். அவற்றின் நங்கூரக் கயிறுகள் தண்ணீருக்கடியில் சாய்வாக ஓடும். வலைகளும் அப்படித்தான். ஃபின் மாட்டிக்கொண்டால் உங்களையும் பலகையையும் லீஷ் ஒரே இடத்தில் கட்டிப்போட்டுவிடும். ஓட்டமுள்ள இடங்களில் பழகியவர்கள் இழுத்தால் கழலும் இடுப்புப்பட்டை லீஷைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். புதியவருக்கு அதைவிடச் சுலபமான வழி, மிதவைகள் பக்கம் போகாமலிருப்பது. அது பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பு, நம் ஃபின் அதை அறுக்க வேண்டியதில்லை.

ஏறி நிற்பது

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 75 கிலோ ஆளுக்குப் பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம் உள்ள காற்றுப்பலகை போதும். வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவு வரை, பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ, காற்றடியுங்கள். குறைவாக அடித்தால் நடுவில் தொய்ந்து ஆடும். அடித்த பலகையை வெயிலில் போட்டுவைக்காதீர்கள். துடுப்பைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு கையை மேலே உயர்த்தினால் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். துடுப்பின் தட்டை பாகம் முன்பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் சரி. கரண்டி மாதிரி அள்ளுவதுபோல் பின்பக்கமாகப் பிடிப்பது எல்லோரும் முதல்நாள் செய்யும் தவறு.

முழங்கால் மூழ்கும் ஆழத்தில், ஃபின் தரை தொடாத இடத்தில், பலகையின் நடுவே உள்ள கைப்பிடிக்கு இருபுறமும் முழங்காலிடுங்கள். அப்படியே ஐந்து நிமிடம் துடுப்புப் போடுங்கள். பிறகு மார்பளவு ஆழத்துக்குப் போய், துடுப்பைக் குறுக்கே வைத்து, முழங்கால் இருந்த இடத்துக்கு ஒரு பாதம், பிறகு அடுத்த பாதம். முழங்காலை மடக்கியே வைத்திருங்கள். பார்வை பாதத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கட்டும். எழுந்ததும் துடுப்பைத் தண்ணீரில் வையுங்கள். தண்ணீரில் இருக்கும் துடுப்பு மூன்றாவது கால், காற்றில் தூக்கிப் பிடித்த துடுப்பால் எந்தப் பயனும் இல்லை. போகும்போது எப்போதும் காற்றுக்கு எதிராகக் கிளம்புங்கள், வரும்போது காற்று கொண்டுவரும்.

விழுவது

எல்லோரும் விழுவார்கள். விழாமல் இருக்க முயல்வதுதான் அடியைக் கொண்டுவருகிறது. தடுமாறும்போது பலகையின் மேலேயே குந்தப்பார்ப்பார்கள், முழங்காலோ பல்லோ பலகையில் மோதும். ஆட்டம் கைமீறிவிட்டது என்று தெரிந்த நொடியில் பலகையை விட்டு விலகிப் பக்கவாட்டில் விழுங்கள். முன்னாலும் பின்னாலும் பலகை இருக்கிறது, பக்கத்தில்தான் தண்ணீர்.

விழும் விதம் முக்கியம். கிணற்றில் குதிப்பது போலக் காலை நீட்டிக்கொண்டு குதிக்கக் கூடாது, டைவும் அடிக்கக் கூடாது. கையையும் காலையும் விரித்துப் பாய் விரித்த மாதிரி முதுகாலோ பக்கவாட்டிலோ தட்டையாக விழுங்கள். சத்தம் பெரிதாக இருக்கும், முதுகு கொஞ்சம் எரியும், ஆனால் உடம்பு கீழே போகாது. இடுப்பளவு ஆழத்தில் இப்படி விழுந்தால் தரை தட்டாது. காலை நீட்டிக் குதித்தால் கணுக்கால் பிசகும், பாறையோ திருக்கையோ இருந்தால் அதோடு நிற்காது. துடுப்பைப் பிடித்த கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டிக்கொள்ளுங்கள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தால் அதன் பிடி தாடையைப் பதம் பார்க்கும். மேலே வரும்போது ஒரு முன்கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வாருங்கள், பலகை எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வந்ததும் முதலில் பலகையைப் பிடியுங்கள், பிறகுதான் துடுப்பு. துடுப்பு மிதக்கும், காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. பலகையின் பக்கவாட்டுக்குப் போய், நடுக் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, மறுகையை அந்தப் பக்க விளிம்புக்கு நீட்டுங்கள். இப்போது மேலே ஏற முயலாதீர்கள். முதலில் காலைப் பின்னால் உதைத்து உடம்பைத் தண்ணீரின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் வயிறு பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு வரும். கால் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது கையால் மட்டும் இழுத்தால் பலகைதான் உங்கள் மேல் கவிழும். ஏற முடியவில்லை என்றால் பின்பக்கம் போய் ஃபின்னை அழுத்தி வால்பகுதியைத் தாழ்த்தி, மீன் மாதிரி ஊர்ந்து ஏறுங்கள்.

இதை மார்பளவு ஆழத்தில், வேண்டுமென்றே, பத்து முறை செய்யுங்கள். இடது பக்கம் ஐந்து, வலது பக்கம் ஐந்து. ஆறாவது ஏழாவது முறையில் மூச்சு வாங்கும். அந்த மூச்சுவாங்கலோடு உங்களால் பலகையில் ஏற முடிகிறதா என்பதுதான் ஆழத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதற்கான பரீட்சை. ஏற முடியாதவர் அன்று நெஞ்சளவு ஆழத்தைத் தாண்ட வேண்டாம்.

தென்கடலில் வாலிநோக்கம் மாதிரி அலை உடையும் இடத்தில் கூடுதலாக ஒன்று. பலகைக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். அடுத்த அலை பலகையைத் தூக்கி உங்கள் மேல் போடும். எப்போதும் நீங்கள் கடல்பக்கம், பலகை கரைப்பக்கம்.

காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டால்

ஜூன் மாதக் கதைக்கு வருகிறேன். அமைதியான நீரில் புதியவர் ஒருவர் நின்றுகொண்டு மணிக்கு நாலு கிலோமீட்டர் போல முன்னேறுவார். அன்று காற்று முதுகில் இருந்ததால் ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போயிருப்பேன். கால்மணியில் ஒன்றரைக் கிலோமீட்டர். திரும்பியபோது அதே காற்று முகத்தில். வேகம் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது, அதுவும் ஓய்வே எடுக்காமல் போட்டால். அதாவது கால்மணி போன தூரத்துக்கு ஒரு மணி நேரம். நடுவில் ஐந்து நிமிடம் கை ஓய்ந்து நின்றால் நூறு, நூற்றைம்பது மீட்டர் பின்னால் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் எளிதாகத் தெரிகிறது. அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் அரியமான் சவுக்குத் தோப்பு சின்னதாகிக்கொண்டே போவது மட்டும்தான்.

நான் செய்த தப்பு, இருபது நிமிடம் நின்றுகொண்டே போராடியது. முதல் வேலை உயரத்தைக் குறைப்பது. உடனே முழங்காலிடுங்கள், துடுப்பின் தண்டை நடுவில் பிடித்துச் சின்னச் சின்னதாக, வேகமாகப் போடுங்கள். அதிலும் முன்னேற்றம் இல்லை என்றால் குப்புறப் படுத்து, துடுப்பின் தட்டைப் பகுதியை நெஞ்சுக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் நீந்துங்கள். படுத்தவர் மேல் காற்றுக்குப் பிடிப்பு குறைவு. முன்னேறுகிறீர்களா என்று உணர்வை வைத்து முடிவு செய்யாதீர்கள். கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தையோ டவரையோ சேர்த்துப் பாருங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் பக்கவாட்டில் நகர்கிறீர்கள். ஏறிய இடத்துக்கே நேராகப் போக வேண்டியதில்லை. காற்று மேற்கு கலந்து வந்தால் மண்டபம் பக்கம் சாய்ந்து, எந்தக் கரை எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே போங்கள். திரும்ப நடந்து வரலாம்.

பலகையை விட்டு நீந்த மட்டும் முயலாதீர்கள். லீஷ் காலில் இருக்கட்டும், பலகை மேல் இருப்பவரைப் படகிலிருந்து பார்க்க முடியும், தண்ணீரில் தெரியும் தலையைப் பார்க்க முடியாது. கை முடியவில்லை என்றால் பலகை மேல் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் தொங்கவிடுங்கள், அடித்துப்போகும் வேகம் கொஞ்சம் குறையும். துடுப்பைத் தலைக்கு மேல் இடமும் வலமும் ஆட்டுங்கள், விசில் ஊதுங்கள். நீர்புகாத உறையில் கழுத்தில் ஃபோன் இருக்க வேண்டும், பையில் கரையில் இருந்தால் பிரயோஜனமில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் முன்பே சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒருவரிடம் "ஒன்பது மணிக்குள் வராவிட்டால் கூப்பிடுங்கள்" என்று நேரத்தோடு சொல்லிவிட்டு இறங்குங்கள்.

என்னிடம் அன்று ஃபோனும் இல்லை, விசிலும் இல்லை. வலை எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளத்தில் இருந்தவர் நான் துடுப்பை ஆட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். என்னை ஏற்றிக்கொண்டு, பலகையைக் குறுக்கே போட்டுக் கட்டினார். வழி முழுவதும் திட்டவும் இல்லை. "தம்பி, கச்சான்ல வடகடல் தூங்குற மாதிரிதான் கெடக்கும். நாங்க மோட்டார் இல்லாம போறதில்ல, நீங்க ஒத்தத் துடுப்போட வந்திருக்கீக" என்றார். கரைக்கு வந்து சேர எஞ்சினுக்கு ஆனது எட்டு நிமிடம். டீசலுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. பலகையை இறக்கிவைத்துவிட்டு, நங்கூரத்தில் நின்ற மற்ற வள்ளங்களைக் கையால் காட்டினார். அத்தனையும் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றன.